கடைசிப் பக்கத்தில் ஏறும் 177 ரூபாய்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கார்த்திகை மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன். கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கான பதில்களையும் அந்தந்த இடத்திலேயே சேர்த்துவிட்டேன்.)



நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு தொகை எங்கிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று வரி வரியாகப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கத்தால் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மறுநாள் மாலைக் காட்சிக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. என் பேத்தி கைப்பேசியை எடுத்தாள். ஐந்து பேருக்கு இடம் பார்த்தாள், டிக்கெட் 130 ரூபாய் என்று காட்டியது. ஐந்து டிக்கெட் 650 ரூபாய். நானும் மனதுக்குள் 650 என்று எழுதிக்கொண்டேன். பணம் கட்டும் பக்கம் வந்தபோது அங்கே 832 என்று இருந்தது.

"ஏம்மா, எங்கேயோ தப்பா அழுத்திட்டியா?" என்றேன்.

"இல்ல தாத்தா, எல்லாத்துலயும் இப்படித்தான் வரும்" என்றாள்.

பணம் கட்டவிடாமல் நிறுத்தி, தொகைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்தச் சொன்னேன். கணக்கு விரிந்தது. அதை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையின் பின்னால் எழுதி வைத்தேன்.

டிக்கெட் 5 × 130 = 650
கன்வீனியன்ஸ் கட்டணம் 5 × 30 = 150
அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் = 27
நன்கொடை 5 × 1 = 5
மொத்தம் 832

நன்கொடையை நாங்கள் கேட்கவில்லை, அதுவாக ஏறியிருந்தது. அதை எடுத்துவிடும் வழி அதே பக்கத்தில் இருந்தது, எடுத்துவிட்டோம். மீதி 827. அதாவது 650 ரூபாய்ச் சரக்குக்கு மேலே 177 ரூபாய். நூற்றுக்கு 27 ரூபாய்க்கு மேல் வருகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இந்தக் கட்டணம் டிக்கெட் ஒன்றுக்கு, பதிவு ஒன்றுக்கு அல்ல. ஐந்து டிக்கெட்டையும் ஒரே தடவையில்தான் எடுத்தோம், ஒரே தடவைதான் பணம் கட்டினோம், ஆனால் கட்டணம் ஐந்து தடவை. இரண்டாவது, அந்தக் கட்டணத்துக்கு வரி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான சினிமா டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நீங்கள் அந்த மலிவான டிக்கெட்டையே எடுத்தாலும், கன்வீனியன்ஸ் கட்டணத்துக்கு 18தான். டிக்கெட் வேறு, கட்டணம் வேறு.

"வேறு" என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் கட்டும் 827 ரூபாய் இரண்டு சட்டைப்பைகளுக்குப் போகிறது. 650 தியேட்டர்காரருக்கு, கச்சேரி என்றால் நிகழ்ச்சி அமைப்பாளருக்கு. 177 பதிவுத் தளத்தின் கணக்கில் நிற்கிறது. அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் ஒப்பந்தம். நம்மைப் பொறுத்தவரை இரண்டு விற்பனை நடந்திருக்கிறது. ஒன்று படம் பார்க்கும் உரிமை. மற்றொன்று, வீட்டில் உட்கார்ந்தபடி இடம் பிடித்துக் கொடுத்த சேவை.

கூட்டத்தில் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் கேட்டார்: "பேங்க்காரன் பிடிக்கிறதைத்தானே சார் அவங்க நம்மகிட்ட வாங்கறாங்க?" நியாயமான சந்தேகம். ஆனால் அப்படி இல்லை. கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் தொகைக்கு எம்.டி.ஆர். என்று பெயர். யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் வைத்த உச்சவரம்பே 0.90 சதவீதம்தான், அதையும் வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. நாங்கள் யூ.பி.ஐ.யில்தான் கட்டினோம், அப்போதும் 30 ரூபாய் குறையவில்லை. ஆகவே இது வங்கிச் செலவு அல்ல, தளத்தின் சேவைக்கான விலை.

அப்படியானால் இதை வாங்குவது சட்டப்படி சரியா? இதற்கு நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கு நல்ல பதில் சொல்கிறது. மகாராஷ்டிர அரசு 2013 ஏப்ரல் 4ஆம் தேதியும் 2014 மார்ச் 18ஆம் தேதியும் போட்ட உத்தரவுகளில், இணையத்தில் சினிமா டிக்கெட் விற்பவர்கள் கன்வீனியன்ஸ் கட்டணம் வாங்கக்கூடாது என்று தடை செய்தது. மல்டிபிளெக்ஸ் உரிமையாளர் சங்கமும், புக்மைஷோவை நடத்தும் பிக்ட்ரீ நிறுவனமும் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தடை ரத்து. அப்படித் தடை போடும் அதிகாரம் அந்த கேளிக்கை வரிச் சட்டத்தில் அரசுக்குக் கொடுக்கப்படவில்லை, சட்டத்தின் பின்பலம் இல்லாமல் ஒருவர் தொழில் செய்யும் உரிமையில் கை வைக்க முடியாது என்பது சாரம். கவுண்டரில் போய் வாங்க வேண்டுமா, வசதிக்குக் காசு கொடுத்து இணையத்தில் வாங்க வேண்டுமா என்பதை வாடிக்கையாளரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றம் பார்த்தது.

ஆகவே "இது சட்டவிரோதம், ஒரு பைசா கொடுக்கமாட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். கட்டணம் வாங்கலாம். கேள்வி, அதை எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான்.

அதற்கு வேறு விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 தந்திரங்களை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். டார்க் பேட்டர்ன் என்று பொதுப்பெயர். அதில் ஒன்று டிரிப் பிரைசிங். சொட்டுச் சொட்டாக விலையை ஏற்றுவது. விலையின் ஒரு பகுதியை முதலிலேயே காட்டாமல் மறைத்து வைப்பது இதில் வரும். இன்னொன்று, நாம் கேட்காததைக் கூடையில் போட்டுவிடுவது. நன்கொடையைக் கேட்காமல் சேர்ப்பது இந்த வகை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்கின்றன.

இதில் எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வாங்கும் நேரத்தில் வெளிப்படையாகச் சொன்ன அவசியமான கட்டணத்தைக் கூடையில் திணித்த கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அதே வழிகாட்டுதல் விலக்குத் தருகிறது. "பணம் கட்டும் பொத்தானுக்கு முன்னால் காட்டிவிட்டோமே" என்று தளம் சொல்லும். "இடம் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஏன் காட்டவில்லை" என்று நாம் கேட்கலாம். எனவே, ஐந்து ரூபாய் நன்கொடை விஷயத்தில் நம் புகார் பலமானது. 177 ரூபாய் விஷயத்தில் புகார் கொடுக்கலாம், பணம் திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது. எதற்கும் இரண்டு படம் எடுத்து வையுங்கள்: விலை முதலில் தெரிந்த பக்கம், கடைசிப் பக்கம். அந்த இரண்டு படம் இல்லாமல் புகாரில் சொல்ல ஒன்றும் இருக்காது.

கொடுக்காமல் தப்பிக்க வழி கவுண்டர்தான். நம் குடியிருப்பிலிருந்து தியேட்டருக்குப் போய்வர எட்டு கிலோமீட்டர். ஸ்கூட்டருக்குச் சுமார் 20 ரூபாய் பெட்ரோல். ஒரே டிக்கெட் என்றால் இணையத்தில் 35 ரூபாய் 40 காசு, பெரிய வித்தியாசம் இல்லை, வெயிலில் போகாமல் இருக்கலாம். ஐந்து டிக்கெட் என்றால் 177. அப்போது கடைத்தெருப் பக்கம் போகிறவர் யாராவது காலையிலேயே வாங்கி வந்துவிடலாம். பண்டிகை நாளில் கவுண்டரில் டிக்கெட் மிஞ்சாது என்றால், கட்டணத்தைத் தெரிந்தே கொடுங்கள்.

இனி திரும்பப் பெறுவது. பணம் திரும்பி வருமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, யார் தவறினார்கள் என்பதைத்தான். மூன்று விதம் உண்டு. பணம் போய் டிக்கெட் வராதது, காட்சியே ரத்தானது, நாம் போக முடியாமல் போனது. மூன்றுக்கும் மூன்று வழி.

முதலாவது என் சொந்த அனுபவம். சில மாதங்களுக்கு முன் ஒரு இசை நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். யூ.பி.ஐ.யில் ரகசிய எண் போட்டேன், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு பதிவு ஆகவில்லை என்று வந்தது. வங்கியிலிருந்து பணம் பிடித்த குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. இடம் போய்விடுமே என்ற பதற்றத்தில் மறுபடி கட்டினேன். இந்தத் தடவை டிக்கெட் வந்தது. ஆக, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு தடவை பணம்.

இப்படி ஆனால் கவலைப்பட வேண்டாம், இதுதான் திரும்பி வர மிக நல்ல வாய்ப்பு உள்ளது. கட்டணம் உட்பட முழுத் தொகையும் வரும், ஏனென்றால் எந்தச் சேவையும் நடக்கவில்லை. 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. நம் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டு, விற்பவருக்கு உறுதிச் செய்தி போய்ச் சேரவில்லை என்றால், யூ.பி.ஐ.யோ இணையத்தில் கார்டோ, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் தானாகவே திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 10ஆம் தேதி பணம் போனது என்றால் 15ஆம் தேதி கெடு. 19ஆம் தேதி வந்தால் நான்கு நாள் தாமதம், 400 ரூபாய். நாம் கேட்காமலேயே அதை வரவு வைக்க வேண்டும் என்பதும் விதி. எனக்கு நான்காம் நாளே வந்துவிட்டது, இழப்பீட்டுக்கு வேலை இல்லை.

ஐந்து நாளில் வராவிட்டால் யூ.பி.ஐ. செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள். 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் இந்தப் பணத்துக்குப் பெயர். நிலை என்ன என்று பாருங்கள். "தோல்வி" அல்லது "நிலுவை" என்றால் வங்கியிடம் புகார். "வெற்றி" என்றால் பணம் விற்பவர் பக்கம் சேர்ந்துவிட்டது, அங்கே மேற்சொன்ன ஐந்து நாள் கணக்கு ஓடாது. அப்போது தளத்திடம்தான் கேட்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் தவறான கதவைத் தட்டி ஒரு மாதம் வீணாக்குகிறார்கள். வங்கியிடம் எழுதி 30 நாளில் பதில் இல்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் எழுதலாம், கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் கவனம். தேடுபொறியில் "கஸ்டமர் கேர்" என்று தேடி வரும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். திரும்ப வரும் பணத்துக்கு ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ ஒருபோதும் தேவைப்படாது. கேட்டால் அவன் திருடன்.

இரண்டாவது, காட்சியோ நிகழ்ச்சியோ ரத்தாவது, தள்ளிப்போவது. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். திருவையாற்று ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது, மழை பெய்தால் குடையோடு திரும்பி வந்துவிடலாம். சென்னைக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு அப்படித் திரும்ப முடியாது.

ஏ.ஆர். ரஹ்மானின் "மறக்குமா நெஞ்சம்" நிகழ்ச்சி உங்களுக்கு நினைவிருக்கும். 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10ஆம் தேதி கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்தது. கையில் டிக்கெட் வைத்திருந்த ஏராளமானோர் நெரிசலில் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். மறுநாளே ரஹ்மான், உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட்டின் நகலையும் தங்கள் குறையையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அதில் நமக்குப் பாடம், முதலில் கேட்கப்பட்டது டிக்கெட்டின் நகல் என்பதுதான். நிகழ்ச்சி முடியும்வரை உறுதிச் செய்தியை அழிக்காதீர்கள். உள்ளே விடவில்லை என்றால் வாசலிலேயே நேரம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள்.

ரத்து என்றால் டிக்கெட் பணம் பொதுவாகத் தானாக வரும். தள்ளிவைப்பு என்றால் அப்படி அல்ல. பழைய டிக்கெட்டே புதிய தேதிக்குச் செல்லும் என்று ஒரு மின்னஞ்சல் வரும், திரும்ப வேண்டுமானால் இன்ன தேதிக்குள் கேளுங்கள் என்று அதன் அடியில் இருக்கலாம். அதைப் படிக்காமல் விட்டால் வாய்ப்புப் போயிற்று. கன்வீனியன்ஸ் கட்டணம் திரும்பாது என்று தள விதியில் எழுதியிருப்பார்கள். இடம் பிடித்துக் கொடுத்த வேலை முடிந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். படமே ஓடாதபோது பிடித்த இடத்தால் என்ன பயன் என்பது நம் வாதம். கேட்டுப் பாருங்கள். ஆனால் டிக்கெட் தொகையையும் கட்டணத்தையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள், இல்லையென்றால் முதலாவதைக் கொடுத்துவிட்டுப் புகாரை முடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, நாமே போக முடியாமல் போவது. இங்கே வாய்ப்புக் குறைவு. சில தியேட்டர்களில் ரத்து செய்யும் வசதியே கிடையாது. இருக்கும் இடத்திலும் காட்சிக்கு எத்தனை மணி நேரம் முன்னால் என்பதைப் பொறுத்து ஒரு பகுதிதான் வரும். 75 சதவீதம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 130 ரூபாய் டிக்கெட் இரண்டை ரத்து செய்தால், 260க்கு 195 வரும். கட்டணமும் வரியும் 70 ரூபாய் 80 காசு வராது. கொடுத்தது 330.80, வந்தது 195. போனது 135.80. நான்கில் ஒரு பங்கு போகும் என்று நினைத்திருப்போம், உண்மையில் போனது ஐந்தில் இரண்டு பங்கு. பணம் கட்டுவதற்கு முன் ரத்து வசதி உண்டா என்று பார்த்துவிட்டால் இந்த ஏமாற்றம் இல்லை.

திரும்பும் தொகையைத் தள வாலட்டில் போடவா என்று கேட்டால், அவசரப்பட்டுச் சரி என்று அழுத்தாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புவதுதான் ரிசர்வ் வங்கி விதி. நாம் ஒப்புக்கொண்டால் மட்டுமே வேறு இடத்தில் வைக்கலாம்.

தளம் மசியவில்லை என்றால் வரிசை இது. முதலில் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது மின்வணிக விதி. அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். தளத்தின் அலுவலகம் மும்பையில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் வசிக்கும் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 35 ரூபாய்க்காக யாரும் அங்கே போகமாட்டோம், அது எனக்கும் தெரியும். ஐந்தாயிரம் ரூபாய் கச்சேரி டிக்கெட்டுக்குப் போகலாம்.

அன்று நாங்கள் என்ன செய்தோம் என்று பலரும் கேட்டீர்கள். 827 கட்டிப் படம் பார்த்தோம். தீபாவளி மறுநாள் கவுண்டரில் டிக்கெட் கிடைக்காது என்று தெரியும். அந்த ஐந்து ரூபாய் நன்கொடையைப் பற்றி மட்டும் இரண்டு படங்களோடு 1915க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த மடலில் எழுதுகிறேன். இப்படிப் பணம் நின்றுபோனவர்கள் யாராவது இருந்தால், அந்த 12 இலக்க எண்ணோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்து எழுதுவோம்.